ஈயம் ஒப்புக்கொள்ளவில்லை

தேர்வாளரின் கடிதத்தில் எட்டே வரிகள். ஐந்து வருட உழைப்பைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அணுக்கரு விசையை அறவே நீக்கிவிட்டு, வெறும் டிஜெனரசி அழுத்தத்தை மட்டும் வைத்து உங்கள் நிரலை ஓட்டினால், நியூட்ரான் நட்சத்திரம் அதிகபட்சம் எவ்வளவு எடை தாங்குகிறது? இந்த எண்ணை ஆய்வேட்டில் காணவில்லையே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடை ஊரறிந்தது. சூரியனின் எடையில் 0.7 பங்கு. என் தாத்தா பிறப்பதற்கு முன்பே போட்டு முடித்த கணக்கு. அதைப் போய் யாராவது ஆய்வேட்டில் போடுவார்களா? அடுத்த மாதம் முதல் தேதி எனக்கு வேலை காத்திருந்தது, வேறொரு ஆய்வுக்கூடத்தில். பட்டம் கையில் வந்தால்தான் நாற்காலி என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். இந்த நேரத்தில் இவருக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டுமாம்!

காலைச் சாப்பாட்டில் கணவரிடம் புலம்பினேன். அவர் லிஃப்டுகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறவர்.

"டிஜெனரசின்னா என்ன? சூடா? அப்போ ஆறிப்போனா நட்சத்திரம் விழுந்துடுமா?"

"சூடே இல்லைங்க. அதுதான் விஷயம். நியூட்ரான் எல்லாம் ஒரே நிலையில உட்காராது. கீழ் வரிசை சீட் நிரம்பிடுச்சுன்னா அடுத்தது மேல் வரிசைக்குத்தான் போகணும். நீங்க நட்சத்திரத்த அமுக்க அமுக்க, அதுங்க இன்னும் இன்னும் வேகமான நிலைக்கு ஏறியாகணும். அந்த வேகம்தான் திருப்பித் தள்ளுது. சுத்தமா குளிர்ந்தாலும் தள்ளும்."

"அப்போ எவ்வளவு வேணா ஏத்தலாமே."

"ஏத்த முடியாது. எடை ஏற ஏற ஈர்ப்பு ஜெயிச்சுடும். தள்ளுற அழுத்தத்துக்கே ஈர்ப்பு இருக்கு, அதுவும் சேர்ந்து இழுக்கும்."

"கேட்ட எண்ணைக் குடுத்துட்டுப் போயேன். நாங்களும் தெரிஞ்ச எடைய ஏத்திப் பார்த்துட்டுதான் கையெழுத்தே போடுவோம்."

அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சலைக் கூட்டியது.

எங்கள் துறையின் கணினி அறையில் ஜன்னல் திறக்காது, குளிரூட்டி நிற்காது. சால்வையைப் போர்த்திக்கொண்டு விசையை அணைத்து நிரலை ஓட்டினேன். ஒன்று என்று வந்தது. ஒரு முழுச் சூரியன். மறுபடி ஓட்டினேன். அப்போதும் ஒன்று. படிகளின் அளவைக் குறைத்தேன், மையத்தின் அடர்த்தியை மாற்றினேன், வேறு கணினியில் ஓட்டினேன். குரங்குப்பிடியாக ஒன்றிலேயே நின்றது.

என் ஆய்வேட்டின் உயிரே ஒரு வாக்கியம்தான். நியூட்ரான் நட்சத்திரம் ஒரு ராட்சத அணுக்கரு. சர்க்கரைக் கட்டி அளவு எடுத்தால் இருபது முப்பது கோடி டன் தேறும். நடுவில் அதைப்போல் பல மடங்கு. ஈயத்தின் கருவுக்குள்ளும் ஏறக்குறைய அதே நெருக்கம்தான். ஈயத்தில் இருநூற்று எட்டுத் துகள்கள், அவற்றைக் கட்டி வைப்பது அணுக்கரு விசை. நட்சத்திரத்தில் ஒன்றுக்குப் பின் ஐம்பத்தேழு பூஜ்ஜியம், அதைக் கட்டி வைப்பது ஈர்ப்பு. டிஜெனரசி அழுத்தம் தனியாக 0.7 வரைதான் தாங்கும். வானத்தில் இரண்டு சூரியன் எடையுள்ளவை இருக்கின்றன. மீதியைத் தாங்குவது, நியூட்ரான்கள் ரொம்ப நெருங்கும்போது அணுக்கரு விசை காட்டும் விலக்கல். ஈயத்தில் அளந்த அதே விசையை அப்படியே நட்சத்திரத்தில் போட்டால் போதும், 2.1 வரை தாங்கும் என்று நான் காட்டியிருந்தேன். எங்கேயும் ஒட்டுப்போடவில்லை. அந்த 2.1-ஐப் பார்த்துத்தான் வேலையே கொடுத்தார்கள்.

இரண்டு நாள் வரிவரியாகப் பிடித்துக்கொண்டு போனேன். நியூட்ரான்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும் இடத்தில் வகுக்கும் எண் மூன்றாக இருக்க வேண்டும். ஆறு இருந்தது.

அந்தப் பகுதி என்னுடையதில்லை. இதே வழிகாட்டியிடம் எனக்கு முன் ஆய்வு செய்த சீனியர் அண்ணன் எழுதியது. ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு நியூட்ரான் உட்காரலாம், தற்சுழற்சி ஒன்றுக்கு மேலாக, ஒன்றுக்குக் கீழாக. ஆனால் அண்ணன் ஆராய்ந்தது எல்லாத் தற்சுழற்சியும் ஒரே பக்கம் திரும்பிய பொருளை. அங்கே சீட்டுக்கு ஒருவர்தான். அவருக்கு ஆறு சரி. நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஒட்டினேன். பாதி சீட்டைக் காலியாக விட்டு, தேவையில்லாமல் எல்லோரையும் மேலே ஏற்றி, இல்லாத அழுத்தத்தைக் காட்டியிருக்கிறேன். இத்தனை நாள் தேர்வாளரைத் திட்டிய வாயால் என்னையே திட்டிக்கொண்டேன்.

திருத்தினேன். விசை இல்லாமல் 0.7, அச்சுப் பிசகாமல். விசையோடு 1.8. இரண்டு சூரியன் எடையுள்ள நட்சத்திரம் வானத்தில் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருக்க, என் கணக்கில் அது இடிந்து விழுந்தது.

வழிகாட்டியிடம் போனேன். துறையில் அவருக்கு ஆமை என்று பெயர். ஒரு பக்கம் திருத்த ஒரு மாதம். அன்றைக்கு மட்டும் பதில் உடனே வந்தது.

"விலக்கலக் கொஞ்சம் கூட்டிப் பாரும்மா. துளிதான். ரெண்டு வந்துடும்."

"சார், அது ஈயத்துல அளந்த எண்."

"அளவுல பிழை இல்லாம இருக்குமா? பாரு."

பார்த்தேன், ஆசை யாரை விட்டது! நட்சத்திரம் 2.05-க்கு ஏறியது. அதே எண்ணை ஈயத்தில் போட்டேன். கருவின் விளிம்பில் நியூட்ரான்கள் மட்டும் படிந்திருக்கும் மெல்லிய தோல் தடித்துப்போய், அளந்த எல்லையைத் தாண்டி நின்றது. குறைத்தால் ஈயம் ஒத்துக்கொண்டது, நட்சத்திரம் விழுந்தது. மதியம் வரை இரண்டுக்கும் பஞ்சாயத்து பண்ணினேன். ஈயம் மசியவில்லை. ஒரு உலோகத்தின்மேல் அவ்வளவு கோபம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு கடிதம் எழுதினேன். ஆறு எப்படி வந்தது, 2.1 தவறு, சரியான விடை 1.8, ஆகவே ஈயத்தின் விசை மட்டும் போதாது, என் முடிவே தலைகீழ். தேர்வாளருக்கு ஒரு பிரதி, வேலை தருவதாகச் சொன்னவர்களுக்கு ஒரு பிரதி. அனுப்பியதும் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை.

தேர்வாளர் மறுநாளே பதில் போட்டார். போதாது என்பதும் ஒரு முடிவுதான், முடிவுரையை மாற்றி நான்கு மாதத்தில் திரும்பச் சமர்ப்பியுங்கள் என்றார். வேலை தருவதாக இருந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நேர்மையாச் சொன்னதுக்கு நன்றிம்மா. ஆனா நாலு மாசம் எங்களால காத்திருக்க முடியாது."

அவ்வளவுதான். திட்டுவதற்குக்கூட எனக்கு யாரும் மிச்சமில்லை.

சாயங்காலம் வழிகாட்டி என் மேஜைக்கு வந்தார். ஐந்து வருடத்தில் அவர் வந்து நான் பார்த்ததில்லை, நான்தான் போவேன். நின்றுகொண்டே பேசினார்.

"போன வருஷம் நான் ஒரு கட்டுரை போட்டேனே. நேத்து திறந்து பார்த்தேன். அதே நிரல்தான், அதுலயும் ஆறுதான் இருக்கு."

திரையில் அந்தக் கட்டுரையைத் தேடித் திறந்தேன்.

"துளி கூட்டச் சொன்னேன் பாரு, அது தப்பு." திரையில் இருந்த கட்டுரையைக் காட்டினார். "பத்திரிகைக்கு எழுதணும். நீ அனுப்பின கடிதத்த எனக்கும் அனுப்பும்மா. இதெல்லாம் எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியல."

முதல் நாளிலிருந்து என் எழுத்தை வரிக்கு வரி சிவப்பு மையால் அடித்தவர் அவர். எனக்கு வேலை போயிருந்தது, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, அவர்மேல் இருந்த கோபமும் தீர்ந்தபாடில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டேன்.

"உட்காருங்க சார். சேர்ந்தே எழுதலாம்."