ஒரு வரியில் ஒப்புக்கொண்ட ஆர்டர்

எங்கள் முதலாளி ஜெயராமனுக்கு மூன்று வரிக்கு மேல் எழுதுகிறவர்கள் எல்லாம் சண்டைக்காரர்கள். அவருடைய அப்பா எழுபத்தொன்றில் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் ஒரே ஒரு பிரஸ்ஸை வைத்துக்கொண்டு பட்டறை தொடங்கினாராம். கடைசிவரை ஒரு கடுதாசிகூட எழுதாமல், வாய்ப்பேச்சிலேயே தொழிலைக் கொண்டுபோனாராம். இதை முதலாளி வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்வார். அந்த வாய்ப்பேச்சுத் தொழிலில் எத்தனை லாரி சரக்கு திரும்பி வந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

நான் செலின். ஆவடி சேக்காட்டிலிருந்து தினமும் வந்து, அந்தப் பட்டறையின் ஆபீஸ் அறையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆர்டர் வந்தால் அதற்கு ஒப்புதல் மெயில் அனுப்புவது என் வேலை. என்ன சரக்கு, எத்தனை, எந்த வரைபடம், எந்தத் தேதிக்குள், யார் செலவில் என்று ஒவ்வொன்றையும் திருப்பி எழுதினால் முதலாளி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பெருமூச்சு விடுவார்.

“இன்னாம்மா, நெலம் ரெஜிஸ்டர் பண்றியா? அவுங்க அனுப்புனதையே அவுங்களுக்குத் திருப்பி அனுப்பறே. நம்மள நம்பலியான்னு நெனைக்க மாட்டாங்க?”

“நெனைக்கட்டும் சார். நெனைச்சா படிப்பாங்க இல்ல.”

இந்தப் பேச்சு எனக்கும் அவருக்கும் நடுவில் மாதாமாதம் வரும் மின்சாரக் கட்டணம் மாதிரி, தவறாமல் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கரையான்சாவடி பக்கத்து பம்பு கம்பெனி ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. மோட்டாரைத் தாங்கும் இரும்புத் தகடு பிராக்கெட், நாலாயிரம். புது வாடிக்கையாளர், பெரிய இடம். முதலாளி ஆர்டரை பிரின்ட் எடுக்கச் சொல்லி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். சாமியாவது படித்துப் பார்த்திருக்கலாம். ஏனென்றால் அதில், இரண்டாவது திருத்த வரைபடம், போல்ட் துளை பத்து மில்லிமீட்டர் என்று இருந்தது.

சாமி படத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போதே அந்தக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி செங்கல்வராயன் போனில் கூப்பிட்டார். பேசி முடித்ததும் முதலாளி பட்டறைக்குள் போய், பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும் கன்னியப்பனிடம் கத்திச் சொன்னார். அந்த இரைச்சலில் கத்தாமல் எதுவும் கேட்காது, அதனால் என் மேஜைக்கும் கேட்டது.

“கன்னியப்பா, ஆர்டர்ல கீற படம் பழசாம். தொள பன்னெண்டு. மூணாவது படம் அப்பால அனுப்புவாங்களாம். நீ தொள போடற பஞ்ச மாத்திக்கோ.”

“பன்னெண்டா? படத்துல பத்துனு கீதே.”

“நான் சொல்றேன் இல்ல.”

முதலாளியின் அப்பா காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர் கன்னியப்பன். ஜெயராமன் அரை நிஜார் போட்டுக்கொண்டு பட்டறையில் ஓடியபோது அந்தப் பையனின் விரல் பிரஸ்ஸில் சிக்காமல் இழுத்துப் பிடித்தவர். சொன்னால் சொன்னதுதான் என்று வேலை செய்கிற ஆள். போய் பஞ்சை மாற்றினார்.

நான் ஒப்புதல் மெயிலை எழுத ஆரம்பித்தேன். ஆர்டரில் ஒன்று இருக்கிறது, போனில் வேறொன்று சொல்லியிருக்கிறார்கள் என்றால், அந்த வித்தியாசத்தைத்தான் முதலில், பளிச்சென்று எழுத வேண்டும். அடியில் ஒளித்து வைத்தால் எழுதியதற்கே அர்த்தமில்லை. பாதி எழுதும்போது முதலாளி கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார்.

“மணி பத்து இருபது. பத்தரைக்கு ராகு காலம். மொதல் ஆர்டரு, அதுக்குள்ள பதில் போயிடணும். போடு, ஆர்டர் கெடச்சுது, அதுல சொன்னபடியே செஞ்சு தர்றோம், நன்றி.”

“சார், அதுல சொன்னபடின்னா தொள பத்து. நீங்க பன்னெண்டு சொல்லியிருக்கீங்க.”

“பேசியாச்சு இல்ல. செங்கல்வராயன் நல்ல மனுசன்மா.”

நல்ல மனுஷன்தான். எல்லா நல்ல மனுஷர்களுக்கும் சரக்கு நிராகரிக்கப்படும் நாளன்று ஞாபகமறதி வந்துவிடுகிறது. ஆனால் முதலாளி என் நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து இருபத்தாறுக்கு அந்த ஒரு வரி மெயில் போனது. எனக்கு அவமானமாக இருந்தது. என் கையாலேயே எங்கள் கழுத்துக்கு அளவெடுத்துக் கொடுத்த மாதிரி.

பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடிந்தது. முதலாளி சாப்பிடப் போனார். பன்னிரண்டு ஐந்துக்கு நான் என் மெயிலை முடித்து, அதே ஆர்டர் எண்ணைத் தலைப்பில் போட்டு, அதே மெயிலுக்குத் தொடர்ச்சியாக அனுப்பினேன். முதலாளிக்கும் ஒரு பிரதி வைத்தேன். அவர் திறக்க மாட்டார் என்று தெரியும், நீளம் அப்படி.

காலையில் அனுப்பிய ஒரு வரி செல்லாது, அதற்குப் பதில் இதுதான் என்று தொடங்கினேன். ஆர்டர் எண், தேதி. உங்கள் ஆர்டரில் இரண்டாவது திருத்த வரைபடம், துளை பத்து என்று உள்ளது. இன்று காலை திரு. செங்கல்வராயன் போனில் திரு. ஜெயராமனிடம் மூன்றாவது திருத்தம், துளை பன்னிரண்டு என்று சொன்னார், அதன்படி திரு. ஜெயராமன் எங்கள் பிரஸ் மேற்பார்வையாளர் கன்னியப்பனிடம் பன்னிரண்டு என்றே சொல்லியிருக்கிறார். தகடு மூன்று மில்லி, ஜிங்க் முலாம் எட்டு மைக்ரானுக்குக் குறையாது. நாலாயிரம் என்பது தனித்தனி எண்ணிக்கை, ஜோடி அல்ல. நூற்றுக்கு ஒன்று கூடலாம், குறையலாம். இருபத்தாறாம் தேதி என்பது சரக்கு உங்கள் கேட்டுக்குள் வந்து சேரும் தேதி, எங்கள் கேட்டை விட்டுக் கிளம்பும் தேதி அல்ல. வண்டிச் செலவு எங்களுடையது. பணம், சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து நாற்பத்தைந்து நாளில். திருத்திய ஆர்டரும் வரைபடமும் அனுப்புங்கள். அதுவரை, மேலே சொன்னது சரி என்று இதற்குப் பதில் எழுதுங்கள்.

பதில் எழுதுங்கள் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன். அவர்கள் பேசாமல் இருந்துவிட்டால் அதைச் சம்மதம் என்று நான் சொல்லிக்கொள்ளலாமே தவிர, வேறு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எட்டாவது நிமிஷம் செங்கல்வராயனின் போனிலிருந்து பதில் வந்தது. ‘ஓகே. ப்ளீஸ் ப்ரொசீட்.’ அவ்வளவு நீள மெயிலை எந்த மனுஷனும் எட்டு நிமிஷத்தில் படித்து யோசித்திருக்க முடியாது. அது அவர் கவலை என்று விட்டுவிட்டேன். பிரின்ட் எடுத்து ஆர்டர் பைலில் சொருகினேன்.

இருபத்தைந்தாம் தேதியே சரக்கு போனது. இருபத்தெட்டாம் தேதி செங்கல்வராயன் ஒரு பிராக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். வரைபடத் திருத்தத்தை அவர்கள் கம்பெனி மேலிடம் தள்ளிப் போட்டுவிட்டதாம். அங்கே அசெம்பிளியில் இருப்பது பழைய போல்ட். எங்கள் துளைக்குள் அது ஆடிக்கொண்டு நிற்கிறது. துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. நாலாயிரமும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

“ஆர்டர்ல பத்துன்னு இருக்கு. ஆர்டர் படியே செய்றோம்னு உங்க மெயிலும் இருக்கு. நான் போன்ல எதுவும் மாத்திச் சொல்லலியே, ஜெயராமன்” என்றார் அந்த நல்ல மனுஷர்.

முதலாளியின் முகம் ஒரு நொடி வெளுத்தது. அப்புறம் அவர் பார்வை பட்டறைப் பக்கம் போனதைப் பார்த்தேன். அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

“கன்னியப்பா, இங்க வா. நான் உன்னாண்ட பத்துன்னுதானே சொன்னேன்?”

கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தபடி வந்து நின்றார் கன்னியப்பன். “பன்னெண்டுனு சொன்னே மொதலாளி. நான்கூட படத்துல பத்து கீதேனு கேட்டேன்.”

“காது போச்சு உனக்கு. வயசாச்சு. நாலாயிரம் பீஸ ஒழிச்சிட்டு நிக்கறே. நீ நாளைலருந்து வராதே, ஊட்டுல குந்து.”

மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய் பைலைக் கொண்டுவந்து, செங்கல்வராயனின் கையில் கொடுத்தேன்.

அவர் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

“இதை நான் படிக்கவே இல்லம்மா.”

“பதில் போட்டிருக்கீங்க சார். அடியில கீது.”

“ஓகேன்னு பழக்கத்துல போட்டிருப்பேன்.”

“சரக்கையும் பழக்கத்துல எடுத்துக்கோங்க சார்.”

அவர் கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாலாயிரத்தையும் ஏற்றுக்கொள்வதாகவும், அடுத்த மாடலுக்கு உபயோகப்படுத்த வழி பார்ப்பதாகவும் முனகினார். முதலாளிக்கு உடனே உயிர் வந்துவிட்டது. இவ்வளவு அலைக்கழித்ததற்கு வண்டிச் செலவையும் நீங்களே தந்துவிட வேண்டும், அப்படித்தான் பேசினோம் என்று ஆரம்பித்தார். செங்கல்வராயன் அந்தத் தாளில் விரலை வைத்துக் காட்டினார். வண்டிச் செலவு எங்களுடையது. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் கூரைத் தகட்டைப் பார்த்தேன். எழுதி வைத்தது இரண்டு பக்கமும்தான் வெட்டும், அதற்கு முதலாளி யார், வாடிக்கையாளர் யார் என்று தெரியாது.

செங்கல்வராயனின் கார் கேட்டைத் தாண்டியதும் முதலாளி கன்னியப்பனின் தோளைத் தட்டப் போனார். தோள் நகர்ந்துகொண்டது.

“உடு கன்னியப்பா. அதான் மெயில்ல எல்லாம் கரெக்டா கீதே. நீ போய் வேலையப் பாரு.”

“அன்னிக்கு நீ என்னாண்ட இன்னா சொன்னேன்னு உன் வாயால ஒரு தபா சொல்லு.”

முதலாளி பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். “மெயில்லதான் கீதே” என்றார் மறுபடியும்.

கன்னியப்பன் இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, மடித்து, பிரஸ்ஸின் மேல் வைத்தார்.

“முப்பத்தி நாலு வருசமா நான் சொன்னதுக்குக் கெடைக்காத மருவாதி ஒரு பேப்பருக்குக் கெடச்சிக்கீது. நல்லது. நாளைலருந்து பிரஸ்ஸையும் அந்தப் பேப்பரே ஓட்டட்டும்.”

கோவில்பதாகையில் இருக்கும் தன் வீட்டுப் பக்கம் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். நாலரைக்கு என்றேன். அதுவரைகூட அங்கே நிற்காமல் நடந்தே போனார்.