காலி வீட்டுக்கு எதுக்குக் கரண்ட்?

குமரகுரு போடும் பட்டியலைப் பட்டியல் என்று சொல்லக் கூடாது. கல்வெட்டு என்று சொல்ல வேண்டும். பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் பதினாறு வருடமாகத் தலைமை எழுத்தர். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு வீடு மாற எண்பத்து நான்கு இனங்கள் எழுதி, லேமினேட் செய்து, கதவில் மாட்டியிருந்தார். தலைப்பு: 'குடிபெயர்வுச் செயல்திட்டம்'. வேலை முடிய முடிய பச்சை மையில் டிக் போடுவார். ஆபீசில் பச்சை மை அதிகாரிக்கு மட்டும்தான். வீட்டில் அந்தத் தடை கிடையாது.

வேலையை முடிப்பது அவர் மனைவி காயத்ரி.

வாடகை ஒப்பந்தத்தை நகலெடுத்துக்கொண்டு போய் கேஸ் ஏஜென்சியில் முகவரி மாற்றியது அவள். பிராட்பேண்ட்காரனை நான்கு முறை கூப்பிட்டு இணைப்பை மாற்ற எழுதிக் கொடுத்ததும் அவள். சேலைக் கடைகளில் கெஞ்சிப் பட்டுப் புடவை அட்டைப்பெட்டிகளை வாங்கி வந்து, பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்கியதும் அவள்தான்.

தேதியில் மட்டும் இருவருக்கும் விவாதமே இல்லை. புதன்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? பழைய வீட்டுக்காரரின் மகன் அந்த வீட்டில் தானே குடியேற, அதற்கு முந்தின திங்கட்கிழமை காலையில் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டான். ஆக ஞாயிறு, ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்காலுக்குள், புது வீட்டில் பால் பொங்கியாக வேண்டும். பொங்காவிட்டால் இரண்டு பேர், ஒரு பிரிட்ஜ், ஒரு கிரைண்டர், பதினேழு பெட்டியோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

புது வீட்டுக்காரர் திருஞானசம்பந்தம். பட்டுக்கடை முதலாளி. திங்கட்கிழமைதோறும் மாடியில் ஒலிபெருக்கி வைத்து, புலால் உண்பவனுக்கு அடுத்த பிறவி என்ன என்று ஊருக்குச் சொல்பவர். வாசல் சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தார்: 'சுத்த சைவர்களுக்கு மட்டும்.' வீடு பார்க்கப் போனபோது வாடகையைச் சொல்வதற்கு முன்பே மூக்கை உறிஞ்சினார்.

"முட்டையாச்சும்?"

"ஐயோ," என்றார் குமரகுரு. "வெங்காயமே யோசிச்சுத்தான் சேர்ப்போங்க."

வீட்டுக்கு வந்ததும் காயத்ரி கேட்டாள்: "ஏங்க, நேத்து நைட்டு வஞ்சிர வறுவல் மூணு துண்டு தின்னது யாரு, வெங்காயமா?"

"ஆடி வந்துடும்மா. வேற வீடு எங்க இருக்குது?"

அதுவும் உண்மைதான். ஆறு வீடு பார்த்தாகிவிட்டது. பட்டியலில் அறுபத்தொன்றாவது இனம் உதயமானது: 'மீன் சட்டி – விட்டுச் செல்லவும்.' ஒன்பது வருடம் பழகிய மண்சட்டி. அதில் வைத்தால்தான் குழம்பு குழம்பாக இருக்கும். அவள் அதைப் பழைய துண்டில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்து, மேலே கொட்டை எழுத்தில் 'கொலு பொம்மை' என்று எழுதினாள். குமரகுரு அறுபத்தொன்றுக்குப் பச்சை டிக் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கு நான்கு நாள் முன்பு, புதன்கிழமை சாவி கிடைத்தது. வீட்டுக்காரர் ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் புறப்படுகிற அவசரத்தில் இருந்தார். அவர் மனைவி தில்லையம்மாளும் உடன் போகிறார். மாடி பூட்டு.

"சனிக்கிழமை ராத்திரிதான் வருவோம். வீட்டக் கழுவி வெச்சுக்கோங்க. படிக்கட்டுக்குக் கீழ அந்த அறை மட்டும் எங்களோடது. திருமுறைப் புஸ்தகம் வெச்சிருக்குது. பக்கத்துல போறதுன்னா குளிச்சுட்டுப் போங்க."

காயத்ரி வீட்டைக் கழுவினாள். பிறகு பட்டியலில் நாற்பத்தேழு: 'மின் மீட்டர் அளவைப் புகைப்படம் எடுக்கவும்; இணைப்பு எண்ணைக் குறிக்கவும்.' பட்டியலிலேயே உருப்படியான இனம் அதுதான். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். நாம் வரும் நாளின் எண் கையில் இல்லாவிட்டால், நமக்கு முன்னால் ஓடியதும் நம் தலையில்தான் விழும்.

வாசலில் இரண்டு மீட்டர். ஒன்று மாடிக்கு, ஒன்று கீழ் வீட்டுக்கு. போனை நீட்டியவள் நின்றாள். கீழ் வீட்டில் ஒரு விசிறிகூடச் சுற்றவில்லை. எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் வந்தாள். ஆனாலும் கீழ் வீட்டு மீட்டரில் சிவப்புப் புள்ளி கண்ணடித்துக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒயர் கசிகிறது போலிருக்கிறது, சுவரில் ஷாக் அடித்துத் தொலைத்தால் என்ன செய்வது என்று நினைத்தாள். மெயினை இறக்கினாள். சிவப்புப் புள்ளி அடங்கியது. படம் எடுத்துக்கொண்டு பூட்டிவிட்டு வந்தாள்.

ஞாயிறு காலை ஏழரைக்குக் குட்டியானை வந்து நின்றது. ஓட்டுநர் தர்மன் இறங்கினான். கேட்டைத் திறந்தான். ஒரு அடி வைத்தான். அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"யக்கா, இன்னாக்கா இது?"

அதை நாற்றம் என்று சொன்னால் நாற்றத்துக்கே அவமானம். அது ஒரு சுவர்போல நின்றது. முதலில் தித்திப்பாக மூக்கில் ஏறி, அப்புறம் தொண்டையில் இறங்கி, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பச்சை ஈக்கள் படிக்கட்டுப் பக்கம் திருவிழாக் கூட்டமாக மொய்த்தன. குமரகுரு பட்டியலால் மூக்கை மூடிக்கொண்டார். லேமினேஷன் வேலையை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பாராட்ட முடிந்தது.

மாடியிலிருந்து திருஞானசம்பந்தம் இறங்கினார். நெற்றி, கை, மார்பு எங்கும் சிதம்பரத்து விபூதி. பாதிப் படியில் அவருக்கும் அது எட்டியது. முகம் ஒரு கணம் செத்து, உடனே கோபமாக உயிர்த்தது.

"நெனச்சேன்! மொதல் நாளே கவுச்சியக் கொண்ணாந்துட்டீங்களா? வெங்காயமே யோசிச்சுத்தானா?"

"சார், நாங்க இன்னும் ஒரு சாமான்கூட எறக்கல சார்," என்றார் குமரகுரு.

"எறக்காமலே இந்த நாத்தம்னா, எறக்கினா ஊரு தாங்குமா? வண்டியத் திருப்பு!"

தர்மனுக்கு வாய் சும்மா இருக்காது. "ஐயரே, நாத்தம் எங்களுக்கு முன்னாடியே வந்து பால் காய்ச்சிக்கினு கீது. வண்டியில மோந்து பாருங்க, புடவை அட்டை வாசனைதான் அடிக்குது."

"நான் ஐயர் இல்லப்பா."

"இந்தப் பட்டைக்கு வேற இன்னான்னு கூப்புடுறது?"

திருஞானசம்பந்தம் வண்டியை நெருங்கினார். பதினேழு பெட்டிகளையும் நோட்டமிட்டார். அவருடைய விரல், தெய்வம் வழிகாட்டியதுபோல, நேராகப் போய் ஒன்றில் நின்றது.

"இதைப் பிரி. ஆனி மாசத்துல யாரு கொலு பொம்மைய மேல வெச்சு ஏத்துவாங்க?"

குமரகுருவின் முகம் சுண்ணாம்பானது. மணி ஏழு ஐம்பது. காயத்ரிக்கு அந்தச் சட்டி தெரிந்தது, திங்கட்கிழமை தெரிந்தது, நடுத்தெருவில் பிரிட்ஜ் தெரிந்தது. அப்போதுதான் காலடியும் தெரிந்தது. படிக்கட்டு அறைக் கதவுக்கு அடியிலிருந்து, இரவோடு இரவாக, பழுப்பும் சிவப்புமாக ஒரு கோடு ஊர்ந்து வந்து, அவள் கழுவி வைத்த தரையில் குளமாகியிருந்தது. எறும்புகள் கரையில் வரிசை கட்டியிருந்தன. பார்வை மேலே ஏறியது. அவள் வீட்டுக் கூடத்துச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு வெள்ளை ஒயர் அந்த அறைக்குள் போயிருந்தது.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பொம்மையப் பிரிக்கிறேன்ங்க. மொதல்ல இந்த அறையத் திறங்க."

"அது திருமுறை அறை!"

"திருமுறை ஏன்ங்க ஒழுகுது?"

"எலி செத்திருக்கும். பெருச்சாளி."

"இருக்கும்ங்க. புதன்கிழமை நான் மெயின ஆஃப் பண்ணப்போ நல்லாத்தான் இருந்துது."

"யாரைக் கேட்டு மெயின ஆஃப் பண்ணே?" திருஞானசம்பந்தம் கத்தியதில் ஈக்கள் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தன.

"காலி வீட்டுக்கு எதுக்குங்க கரண்ட்?"

அவர் வாயைத் திறந்தார். திங்கட்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடும் வாய். அதை மூடிக்கொண்டு, தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். காயத்ரி போனை நீட்டினாள். "இது புதன்கிழமை எண். மீட்டர்ல இப்போ இருக்கறதும் அதேதான். ஆனா மெயின எறக்கறதுக்கு முன்னாடி யாருமே இல்லாத வீட்டுல மீட்டர் ஓடிக்கினு இருந்துது. அதான் எறக்கினேன்."

தில்லையம்மாள் எப்போது இறங்கி வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. கையில் கணவரின் சாவிக்கொத்து.

"ஏங்க, பதினொரு வருஷமா இந்த அறைக்கு நான் தினமும் வெளிய இருந்தே கற்பூரம் காட்டுறேன். திறங்க. புஸ்தகத்த எலி தின்னுதுன்னா பாவம்."

"தில்லை, நீ மேல போ."

தில்லையம்மாள் போகவில்லை. திறந்தார்.

உள்ளே புத்தகம் இருந்தது; பொய் சொல்லக் கூடாது. ஒன்று. அது, அந்த வெள்ளை ஒயர் போய்ச் சேர்ந்த ஒரு பெரிய ஐஸ் பெட்டியின் ஆடிய காலுக்கு முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. மூடியைத் தூக்கியது தர்மன். தூக்கியவன் அப்படியே ஓடிப்போய்ச் சாக்கடையில் வாந்தி எடுத்தான். தென்னேரி ஏரி மீன், ஆட்டுக்கால், ஈரல், இன்னும் என்னவென்று அடையாளம் தெரியாதவை. நான்கு நாளும் நான்கு வெயிலும் சேர்ந்து அவற்றையெல்லாம் பேதம் நீக்கி ஒரே கூழாக்கியிருந்தன. அதில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில். பையெல்லாம் கடைப் பை. மேலே நடராஜர் படம், கீழே 'திருஞானசம்பந்தம் சில்க்ஸ்'.

"முன்னாடி இருந்த குடித்தனக்காரன் வெச்சுட்டுப் போயிட்டான்..." என்று ஆரம்பித்தார்.

"நம்ம கடைப் பையிலயா?" என்றார் தில்லையம்மாள். அவ்வளவுதான் கேட்டார். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் சத்தம் கீழே வரை கேட்டது.

மணி எட்டு இருபது. காயத்ரி சொன்னாள்: "எனக்கு ஊர்க்கதை வேணாங்க. எட்டே முக்காலுக்குள்ள பால் பொங்கணும். இந்த ஒயரை வெட்டணும். இதை அள்ளணும், நான் அள்ள மாட்டேன்."

"ஆள் வரச் சொல்றேன்."

"வரச் சொல்லுங்க. வந்தவன் கடைத்தெருவுல போய் சொல்லட்டும்."

திருஞானசம்பந்தம் வேட்டியை மடித்துக் கட்டினார். ஒயரைத் தர்மன் வெட்டினான். அதற்குப் பிறகுதான் காயத்ரி மெயினைப் போட்டாள். உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் உள்ளே போயின. அடுப்பை வைத்து, சிலிண்டர் மூடியைக் கழற்றி ரெகுலேட்டரை மாட்டி, எட்டு நாற்பத்திரண்டுக்குப் பால் பொங்கியது. பொங்கிய பாலை ஒருவரும் குடிக்கவில்லை. எப்படிக் குடிப்பது? ஜன்னலுக்கு வெளியே ஒருவர் வாளி வாளியாக அள்ளிக்கொண்டிருந்தார். வேர்வையில் விபூதிப் பட்டைகள் கரைந்து, மூன்று கோடும் ஒன்றாகித் தாடையில் சொட்டின.

குமரகுரு பட்டியலை எடுத்தார். "நாப்பத்தேழு டிக் போடவா?"

காயத்ரி பார்த்த பார்வையில் பச்சைப் பேனா பைக்குள் போனது.

'கொலு பொம்மை' பெட்டி பிரிக்கப்படவில்லை. கேட்கிற தெம்பு யாருக்கும் இல்லை. சுவரில் எழுதியிருந்ததும் வெள்ளைச் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டது. இனி எதைச் சமைத்தாலும் தடையில்லை. ஆனால் சமைக்கத்தான் முடியவில்லை. பினாயில், எலுமிச்சை, சாம்பிராணி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. மீன்காரி தெருவில் கூவினாலே காயத்ரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. திருஞானசம்பந்தத்தின் உபதேசத்தால் ஆகாததை அவருடைய ஐஸ் பெட்டி சாதித்துவிட்டது: கீழ் வீட்டில் சுத்த சைவம்.

ஆவணி பிறந்து இரண்டாம் வாரம். மாடியில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை என்று தெரிந்தது. ஒலிபெருக்கியும் ஓய்வில் இருந்தது. ஒரு சாயங்காலம் திருஞானசம்பந்தம் படியில் பாதி இறங்கி நின்று, குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தக் கொலு பொம்மை... சும்மாதான இருக்குது? சனிக்கிழமை வாலாஜாபாத் அரிசி மில்லுல நம்ம கூட்டாளிங்க சமைக்கிறாங்க. மண்சட்டின்னா ருசியே வேற, இல்லையா?"