காரணம் எழுதும் இடம்

"அண்ணே, நான் சொல்றதக் கொஞ்சம்…"

"கவனக்குறைவுன்னு எழுதிப்புட்டு இனி என்னத்தச் சொல்லப் போறீக மேடம்?"

திருமங்கலம் பக்கத்துப் பால் குளிரூட்டும் நிலையத்தின் பொறுப்பாளர் சிவபாண்டி, உள்தணிக்கைக்கு வந்த ஃபாயிஸாவின் வரைவு அறிக்கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இது தலைமையகம் போனால் அவருடைய பதவி உயர்வு அவ்வளவுதான்.

"ரெண்டு மணி நேரத்துல நாலு டிகிரிக்கு வரணும்னு நம்ம விதி. சாயங்காலப் பால் ஏழு டிகிரியிலயே நின்னுச்சு. புளிச்சுப்போய்க் கொட்டுனோம். இதெல்லாம் பொய்யா?"

"நெசந்தான். ஆனா கவனக்குறைவுங்கிறது காரணமில்ல, வசவு! ஏன் குளிரலன்னு கேட்டீகளா?"

கேட்கவில்லை என்பது ஃபாயிஸாவுக்குச் சுருக்கென்று உறைத்தது. "ஏன்ணே?"

"சாயங்காலம் ரெண்டு வண்டியும் ஒண்ணா வந்து ஊத்துது. கறந்த சூட்டோட அம்புட்டையும் மெஷின் எப்பிடித் தாங்கும்?"

அவள் வண்டி வருகைப் பதிவைப் புரட்டினாள். வண்டிகள் தனித்தனியே வந்த நாளெல்லாம் பால் நாலுக்கு வந்திருந்தது. பதிவு அவர் பக்கம்தான். சிரித்தபடி அடித்து எழுதி, உரக்க வாசித்தாள்: "காரணம்: இயந்திரத்தின் திறனைப் பார்க்காமல் இரு வண்டிகளுக்கும் ஒரே நேரம் வைத்தது. பரிந்துரை: பொறுப்பாளரை எச்சரிப்பதற்குப் பதில், ஒரு வண்டியை ஒரு மணி நேரம் தள்ளி வரச் செய்வது."

சிவபாண்டியின் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"மேடம், இதைச் செஞ்சு முடிக்க வேண்டியவர்னு ஒரு இடம் காலியா இருக்குல்ல, அதுல என் பேரைக் கொட்டை எழுத்துல போடுவீகளா?"