நாலாவது வரி

விற்பனையே இல்லாத கம்பெனிக்கு விலை போடுவதுதான் செந்தில்குமாரின் பிழைப்பு. தி. நகரில் பன்னிரண்டு முதலீட்டாளர்கள் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு அவன் மதிப்பீட்டாளன். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிற வேலை என்று சொல்லிச் சிரிப்பான். முன்பெல்லாம் சிரிப்பான்.

அன்றைக்குக் குழுவின் முன்னால் வந்தது அன்புக்கரசியும் அவள் கணவன் தங்கவேலும் தொடங்கிய கம்பெனி. சர்க்கரை நோயாளிகள் செருப்புக்குள் வைத்துக்கொள்ளும் மெல்லிய தகடு. பாதத்தில் புண் வரும் முன்னே எச்சரிக்கும். இரண்டு மருத்துவமனைகளில் சோதனை நடக்கிறது. இன்னும் ஒன்றுகூட விற்கவில்லை. கேட்பது ஒரு கோடி. இருவரையும் வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே பேச்சு நடந்தது.

"வருஷ வியாபாரத்தப் போல நாலு மடங்குன்னு போட்டுரலாம்லா?" என்றார் குழுத் தலைவர் அய்யாதுரை. தெற்கேயிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்தவர்.

"வியாபாரம் பூஜ்யம் அண்ணாச்சி. நாலால பெருக்கினாலும் நானூறால பெருக்கினாலும் பூஜ்யந்தான். அதனால இதே ஊர்ல, இதே துறையில, விக்க ஆரம்பிக்காத கம்பெனிகளுக்கு முதல் முதலீடு என்ன விலைல நடந்துச்சுன்னு பாத்தேன்."

திரையில் ஐந்து வரிகள். மூன்று கோடி, மூன்றரை, நாலு, ஐந்து, நாலரை. சராசரி நாலு கோடி. அதன் மேல்தான் மதிப்பெண் அட்டை. ஊரின் சராசரிக் கம்பெனி நூறு என்றால் இவர்கள் எவ்வளவு? நடத்துகிறவர்களுக்கு முப்பது சதவீத எடை, சந்தைக்கு இருபத்தைந்து, பொருளுக்குப் பதினைந்து, மிச்சம் போட்டிக்கும் விற்கும் வழிக்கும் மற்ற சில்லறைகளுக்கும். நடத்துகிறவர்களுக்கு அவன் நூற்றிருபத்தைந்து போட்டிருந்தான். எல்லாம் பெருக்கிக் கூட்டினால் நாலு கோடியே முப்பது லட்சம்.

அந்த நாலாவது வரி, ஐந்து கோடி, அவனுடைய கம்பெனி. கைக்குழந்தையின் மூச்சைக் கவனிக்கும் கருவிக்காக அவனும் அப்போது மனைவியாக இருந்த ஷண்முகப்ரியாவும் அடையாறில் வாடகை வீட்டின் முன்னறையில் தொடங்கியது. மூடி மூன்று வருஷம். விவாகரத்தாகி இரண்டு. வரியை எடுத்துவிடலாமா என்று முந்தின நாள் கை போனது. ஆனால் இந்தக் கணக்குக்கு வேண்டியது அன்றைக்குப் பேரம் நடந்த விலை மட்டும்தான். பின்னால் என்ன ஆனது என்பதில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். விட்டுவைத்தான்.

"நூத்தி இருவத்தஞ்சா? புருஷன் பொண்டாட்டி கம்பெனி தம்பி இது. வீட்டுச் சண்ட கல்லாவுக்கு வந்துரும். எழுவத்தஞ்சு போடுங்க" என்றார் அய்யாதுரை.

விலை மூன்று கோடியே எழுபது லட்சத்துக்கு இறங்கும். அதுகூடப் பரவாயில்லை. நடத்துகிறவர்களின் மதிப்பெண் நூறுக்குக் கீழே போனால் இந்தக் குழு ஒரு பைசா போடாது.

"தப்பா நெனைக்காதீங்க. ஒங்க கதையே கண்ணு முன்னால இருக்கே."

அந்தக் கதையை ஊருக்குச் சொன்னவனே அவன்தான். ஒத்துப்போகவில்லை, கம்பெனி படுத்துவிட்டது என்று. எல்லோரும் நம்பினார்கள். ஷண்முகப்ரியா ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

"அது பொய் அண்ணாச்சி." குரல் அவனுக்கே யாருடையதோ போல் கேட்டது. "நாங்க சண்டையே போடல. பணம் தீரப்போகுதுன்னு பயந்து, அவளுக்குத் தெரியாம பெங்களூர்ல வேலை தேடிக்கிட்டேன். கிளம்புற அன்னிக்குக் காலைலதான் சொன்னேன். ஏழு மாசம் தனியா இழுத்தா. அப்புறம் கம்பெனியும் போச்சு, கல்யாணமும் போச்சு. சேந்து இருந்தவரைக்கும் நாங்க நல்லாத்தான் நடத்தினோம்."

அவன் அவமானத்தோடு மேஜையைப் பார்த்துக்கொண்டே முடித்தான்.

"தங்கவேல் வேலையை விட்டு ரெண்டு வருஷமாச்சு. கருவி அவர் பொறுப்பு, ஆஸ்பத்திரி சோதனை அந்தம்மா பொறுப்பு. தொழில் தெரிஞ்சவங்க, விட்டுட்டு ஓடாதவங்க. மார்க் அதுக்குத்தான், தாலிக்கு இல்ல."

அய்யாதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"நீங்க போட்டதே இருக்கட்டும்" என்றார்.

வெளியே விலையைக் கேட்டதும் அன்புக்கரசி தங்கவேலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெய்யாலுமா சார்?" காகிதத்தை வரி வரியாகப் படித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"சார், இந்த நாலாவது கம்பெனி இப்ப இன்னா பண்ணிக்கினு கீது?"

"மூடிட்டாங்கம்மா."

"ஐயோ. நடத்துனவங்கோ?"

"ஒருத்தன் வேலைக்குப் போயிட்டான். இன்னொருத்தங்க..." ஊரில் எந்தக் கம்பெனி என்ன விலைக்குப் போனது என்று விரல் நுனியில் வைத்திருப்பவன் அவன். "தெரியலம்மா."

"பாத்தா நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க சார். அவங்க அஞ்சு கோடியாலதான எங்களுக்கு சராசரி ஏறிச்சு."

"சொல்றேன்" என்றான் செந்தில்குமார். சொல்வதற்கு அவனிடம் ஷண்முகப்ரியாவின் நம்பர்கூட இல்லை.