இல்லை என்றவரின் குரல்

அந்தக் கட்டுமானத் தளத்தில் அவளுக்கு 'மேலிடம்' என்று பெயர். கிரேன் ஓட்டுகிறவள். தினமும் காலையில் இரும்புக் கோபுரத்துக்குள்ளே ஏணி ஏணியாக ஏறி, உச்சியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தாளானால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவாள். கீழே எந்தச் சாமான் எங்கே போக வேண்டுமென்றாலும் அவள் கையசைய வேண்டும். "மேலிடத்து உத்தரவு வரலையே, நான் என்ன பண்ண?" என்று மேஸ்திரி ஒரு நாள் வேடிக்கையாகச் சொல்லப்போக, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவளும் அதை ரசித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

உயரத்தில் இருப்பவளுக்குக் கீழே நடப்பது பாதிதான் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம், தூணுக்குப் பின்னால், பள்ளத்துக்குள் எல்லாம் அவளுக்குக் கண் கிடையாது. அங்கே அவளுக்குக் கண்ணாக இருந்தவர் சிக்னல்காரர். நாற்பதை ஒட்டிய வயது, ஒற்றை ஆள், அதிகம் பேசாதவர். வாக்கி-டாக்கியில் மட்டும் ஓயாமல் பேசுவார். பேசித்தான் ஆக வேண்டும். "இறக்கு, இறக்கு, இன்னும் ரெண்டு அடி, ஒரு அடி, நிறுத்து." அந்தக் குரல் ஓடும்வரை அவள் கை ஓடும். குரல் நின்றால் கையும் நின்றுவிட வேண்டும். அதுதான் அந்த வேலையின் சட்டம்.

இரண்டு வருடம் அப்படிக் காதுக்குள் ஒரு மனிதர் பேசிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒரு முறை கொக்கியில் பாரம் தொங்கும்போது திடீரென்று காற்று அடித்தது. கூண்டு ஆடியது. அப்போது காதில், "நான் இங்கதான் நிக்குறேன். அவசரமே இல்லை" என்றார் அவர். கீழே நின்ற மற்றவர்களெல்லாம் ஓடிவிட்டார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு ஆரம்பித்ததா, அதற்கு முன்பேயா என்று அவளுக்கே நிச்சயமில்லை. வேலை முடிந்து வாசலில் இருவரும் நின்றபடி டீ குடிப்பது பழக்கமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தான் தங்கியிருந்த அண்ணன் வீடு முழுக்கச் சத்தமாக இருந்தும் காது மட்டும் காலியாக இருப்பதுபோல் தோன்றத் தொடங்கியபோது, அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

முப்பத்தாறு வயதில் மனசை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு யாராவது அவிழ்க்க வருவார்கள் என்று காத்திருப்பதில் அவளுக்குச் சம்மதமில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் எங்கே, எப்படி என்பதில்தான் யோசனை. வாக்கி-டாக்கியில் பேசினால் தளம் முழுக்கக் காது கொடுக்கும். தளத்துக்குள் சொன்னால், வேலையை விட்டு நகர முடியாத மனிதரை மூலையில் நிறுத்திக் கேட்பதுபோல் ஆகிவிடும். 'முடியாது' என்று சொல்ல நினைத்தால் சொல்லிவிட்டு நடையைக் கட்ட அவருக்கு வழி இருக்க வேண்டும். அரை நாள் வேலை இருந்த ஒரு சனிக்கிழமை, பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போகும் வழியில் சொன்னாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கூட வேலை பாக்குறவர்ங்கிற மாதிரி இல்லை. சேர்ந்து வாழலாம்னு தோணுற மாதிரி. உங்களுக்கும் அப்படி இருந்தா சொல்லுங்க. இல்லைன்னாலும் சொல்லுங்க. இப்பவே சொல்லணும்னு இல்லை."

அவர் நின்றுவிட்டார். ஒரு லாரி கடந்து போக ஓரமாக ஒதுங்கினார்.

"இப்பவே சொல்லிடுறேன்" என்றார் பிறகு. "உங்க மேல மரியாதை இருக்கு. உங்களோட பேசப் பிடிக்கும். ஆனா எனக்கு அந்த நினைப்பு வரலை. காத்திருந்தா வரும்னும் தோணலை. அதைச் சொல்லாம விட்டா உங்களை ஏமாத்துற மாதிரி ஆயிடும்."

'ஏன்?' என்ற கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என்னிடம் என்ன குறை? என் தொழிலா, வயசா, முகமா? வேறு யாராவது இருக்கிறாளா? கேட்டால் அவர் ஏதாவது ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துக் கொடுப்பார். அந்தக் காரணத்தோடு இவள் மல்லுக்கு நிற்பாள். பிரியம் வரவில்லை என்பதற்கு ஒரு மனிதர் கணக்கு ஒப்பிக்க வேண்டுமா என்ன? கேள்வியை அப்படியே விழுங்கினாள்.

"சரி" என்றாள். "சுத்தி வளைக்காம சொன்னதுக்கு நன்றி."

"நான் ஏதாவது அந்த மாதிரி நடந்து, உங்களுக்குத் தப்பா..."

"இல்லை. நீங்க எதுவும் பண்ணலை. எனக்குத் தோணுச்சு, கேட்டேன். நீங்க பதில் சொல்லிட்டீங்க. அவ்வளவுதான். ஆனா கொஞ்ச நாளைக்கு அந்த டீ வேண்டாம். கோவம் இல்லை, எனக்குக் கொஞ்சம் தள்ளி நிக்கணும். திங்கக்கிழமை வேலையில பாப்போம்."

நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய பஸ் வந்தது. ஏறத் தயங்கினார். "போங்க, அடுத்தது எப்போ வருமோ" என்று அவள்தான் அனுப்பி வைத்தாள். பஸ் திரும்பி மறையும்வரை நேராக நின்றாள். அதன் பிறகு நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்தபோது அண்ணி துண்டோடு நின்றாள். அண்ணியிடம் எதையும் மறைக்க முடியாது. இவள் சொல்லப் போவதைக் காலையிலேயே கறந்திருந்தாள்; குழாய் ஓடிய நேரத்தை வைத்தே பதிலையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"இல்லைன்னுட்டாரா?"

"ம்."

"ஆம்பளைங்களுக்கு எதுவும் உடனே மண்டையில ஏறாது. ஒரு மாசம் விட்டு மறுபடி கேளு."

"அவர் எனக்குப் புரியுற தமிழ்லதான் சொன்னார் அண்ணி."

அதற்குள் அண்ணனுக்கும் காதில் விழுந்துவிட்டது. கையில் போனை எடுத்துக்கொண்டான். "ரெண்டு வருஷமா கூட நின்னு டீ குடிச்சானில்ல? மனசுல ஒண்ணும் இல்லாமயா குடிச்சான்? நான் நாலு வார்த்தை கேக்குறேன்."

"போனை வை அண்ணே." குரல் உயரவில்லை. ஆனால் அவன் வைத்துவிட்டான். "டீ குடிச்சதுக்கு டீதான் அர்த்தம். அவர் எனக்கு எந்த வாக்கும் கொடுக்கலை. எந்தத் தப்பும் பண்ணலை. நீ போய் பேசினா, நான் நிமிர்ந்து கேட்ட கேள்வியைப் பிச்சையா மாத்துற மாதிரி இருக்கும். அந்த அசிங்கத்தை எனக்குப் பண்ணாதே."

அன்று இரவு சாப்பாட்டில் அவள் தட்டுக்கு மட்டும் கேட்காமலே இரண்டு முட்டை வந்தது.

திங்கட்கிழமை ஏணி கூடுதல் நீளமாகத் தெரிந்தது. கூண்டில் உட்கார்ந்து வாக்கி-டாக்கியைப் போட்டாள். குரல் வந்தது. அதே குரல்தான், ஆனால் பஞ்சில் சுற்றிய மாதிரி இருந்தது. "கொஞ்சம் இறக்குறீங்களா? ஆங்... நல்லா இருக்கு. மெதுவா... பரவாயில்லை, பரவாயில்லை." நோயாளியிடம் பேசுவதுபோல் பேசினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

பத்து மணி வாக்கில் ஒரு கம்பிக்கட்டு, அவள் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கச் சுவருக்கு அப்பால் இறங்கிக்கொண்டிருந்தது. "இறக்குங்க... இன்னும் கொஞ்சம்... பாத்து, பாத்துங்க..." என்று குரல் ஓடிக்கொண்டே இருந்தது. 'பாத்து' என்றால் நிறுத்தவா, இறக்கவா? அந்த ஒரு கணத்தில் கம்பிக்கட்டின் நுனி சாரத்துப் பலகையில் இடித்தது. பலகை இரண்டாகப் பிளந்து விழுந்தது. நல்ல வேளையாக அடியில் யாருமில்லை.

அவள் பாரத்தைப் பத்திரமாகத் தரையில் வைத்தாள். கொக்கியை உயர்த்தினாள். கிரேனைப் பூட்டிவிட்டு இறங்க ஆரம்பித்தாள். மேலிடம் சாப்பாட்டுக்கு முன்னால் இறங்குவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. மேஸ்திரி வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

சிக்னல்காரர் உடைந்த பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மற்றவர்கள் காதுக்கு எட்டாத தூரத்துக்கு அவரை அழைத்துப் போனாள்.

"நிறுத்துன்னு ஏன் சொல்லலை?"

"சொல்ல வந்தேன்." அவர் தலை குனிந்தார். "உங்ககிட்ட அதட்டிப் பேச வாய் வரலை. ஏற்கெனவே உங்களை நோகடிச்சிட்டேன்னு..."

"சனிக்கிழமை நீங்க 'இல்லை'ன்னு சொன்னீங்க. அதையே தாங்கினவ, 'நிறுத்து'ன்னா ஒடைஞ்சு போயிடுவேனா?"

அவர் நிமிர்ந்தார்.

"நோகத்தான் செஞ்சுது. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது என் வலி. நான் பாத்துக்குவேன். நீங்க என்னைப் பாவம் பாத்தா, நான் கேட்டதே ஏதோ கேவலம்ங்கிற மாதிரி ஆயிடும். நான் கேட்டதுல எனக்கு வெக்கம் இல்லை. நீங்களும் படாதீங்க. பழைய மாதிரி பேசுங்க. கீழ ஆளுங்க நிக்குறாங்க."

"வேணும்னா நான் வேற ஷிப்டுக்குக் கேட்டுப் போயிடட்டுமா?"

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா போங்க. எனக்காகப் போகாதீங்க."

"போகலை" என்றார். பிறகு மேஸ்திரியிடம் தானே போய், பலகை உடைந்தது தன் சிக்னல் கோளாறால்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அவள் மறுபடி ஏறினாள். அடுத்த பாரம் பாதி வழி வருவதற்குள், "நிறுத்து!" என்று காதைக் கிழித்தது குரல். அவள் நிறுத்தினாள். நெஞ்சு நிமிர்ந்து மூச்சு வந்தது. யாருடைய இரக்கத்துக்கும் ஆளாகாத ஒருத்தி அந்தக் கூண்டில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்காக எல்லாம் அன்றோடு தீர்ந்துவிடவில்லை. ஒரு மழை நாளில், "ஏணி வழுக்கும், பாத்து ஏறுங்க" என்று அவர் சொன்னபோது, மனசு மெல்ல வாலாட்டியது. ஏணி வழுக்கும் என்றால் ஏணி வழுக்கும், அவ்வளவுதான் என்று அதைத் தட்டி உட்கார வைத்தாள். இன்னொரு நாள் சாப்பாட்டு நேரத்தில், விவரம் தெரியாத மேஸ்திரி எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார். "இந்த ரெண்டு பேரும் வாக்கி-டாக்கியில பேசுறது நமக்கே பொறாமையா இருக்கு. பேசாம கல்யாணம் பண்ணி வெச்சிடலாமா?" கூட்டம் சிரித்தது. சிக்னல்காரருக்குச் சோறு தொண்டையில் நின்றது. அவள் சோற்றைப் பிசைந்தபடியே, "மேலிடம் அனுமதி தரலை மேஸ்திரி, மனுவைத் திருப்பி எடுத்துக்கங்க" என்றாள். சிரிப்பு இருமடங்காகி மேஸ்திரி பக்கம் திரும்பியது. மறுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாமலே அந்தப் பேச்சு அங்கே செத்தது. சிக்னல்காரர் தண்ணீர் குடித்துவிட்டு அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

கட்டடம் கூரை தொட்டது. புதிய தளத்துக்கு அவளை அனுப்புவதாகச் சொன்ன பொறியாளர், "உங்க சிக்னல்காரரையே போட்டுடலாமா?" என்று கேட்டார். அவள் ஒரு நாள் அவகாசம் வாங்கினாள். வேலைக்கு அவரைவிட நல்ல ஆள் கிடையாது. ஆனால் அவர் வேண்டுமென்று தோன்றுவதில் வேலை எவ்வளவு, அந்தக் குரல் எவ்வளவு என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பிரிக்க முடியவில்லை. மறுநாள், "வேற ஆளைப் போடுங்க சார்" என்றாள்.

அதை அவரிடம் அவளே போய்ச் சொன்னாள். பல மாதங்களுக்குப் பிறகு இருவர் கையிலும் டீ இருந்தது.

"என் வேலையில குறையா?" என்றார்.

"குறையே இல்லை. உங்க குரல் எனக்கு இன்னும் வெறும் குரலா ஆகலை. ஆகிற வரைக்கும் தள்ளி இருந்தா நல்லது."

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதற்காகவே அவர் மேல் மதிப்பு கூடியது. "இனிமே உங்க சத்தம் இல்லாம இந்த வேலை எனக்கும் கஷ்டம்தான்" என்றார். "உண்மையைச் சொல்றேன், வேற அர்த்தம் இல்லை."

"தெரியும்" என்று சிரித்தாள். உண்மையாகவே தெரிந்திருந்தது.

வீட்டுக்குப் போனதும் அண்ணி கேட்டாள். "அவ்வளவு நாள் தினமும் அந்தாளைப் பாத்தியே, வலிக்கலையா?"

"வலிச்சுது."

"அப்புறம் எப்படித்தான் போனே?"

"வலிச்சுக்கிட்டேதான் போனேன்" என்றபடி அவள் செருப்பைக் கழற்றினாள். "நாளைக்குப் புது இடம் அண்ணி. சீக்கிரம் எழுப்பி விடு."