பி-4 வண்டியை ஸ்டார்ட் செய்தது யார்

காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தை மூன்றாவது முறை படித்தபோது பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளத்தில் முங்கிய காரின் சீட், ஒயரிங், எஞ்சினைப் பிரித்துக் கழுவும் செலவு எல்லாம் உண்டாம். எஞ்சினுக்குள் வளைந்துபோன கம்பிக்கு மட்டும் இல்லையாம். "உள்ளே நீர் இருந்த நிலையில் எஞ்சினை இயக்க முயன்றதால் நேர்ந்தது, வெள்ளத்தின் நேரடிச் சேதம் அல்ல, பின்விளைவுச் சேதம். எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் பாலிசியும் தாங்கள் எடுக்கவில்லை."

எஞ்சின்தான் செலவே. சீட்டைக் கழுவி வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? வாரம் மூன்று நாள் காலை ஆறு மணிக்குக் கணவர் வேதாசலத்தை டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். மழை பெய்தால் மடிப்பாக்கத்துக்குள் எந்த ஆட்டோவும் எட்டிப் பார்க்காது.

பொய்யான பதில் எழுதியவனைச் சும்மா விடக் கூடாது என்று மறுப்புக் கடிதம் ஒன்றை எழுதிக் கைப்பையில் திணித்துக்கொண்டு வண்டி நின்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். சேறு அப்பிய வண்டிகளுக்கு நடுவே காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தைக் கணக்கிடும் சர்வேயர் இக்பால் குனிந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஸ்டார்ட் பண்ணலை சார். வண்டி முங்கினப்ப நான் ஆஸ்பத்திரியில. என்னைப் பொய்க்காரின்னு எழுதியிருக்கீங்க."

"நீங்க பண்ணீங்கன்னு எங்கேயும் எழுதலையே மேடம். யாரோ பண்ணியிருக்காங்க." மேசையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துக் காட்டினார். விரல் பருமனுக்கு மேல் இரும்பு, நடுவில் நெளிந்திருந்தது. "காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. உள்ள தண்ணி இருக்கறப்ப சாவியத் திருப்புனா பிஸ்டன் மேல வந்து முட்டும், இது வளையும். சும்மா நின்ன வண்டி பத்து நாள் முங்கிக் கெடந்தாலும் இது வளையாது. தள்ளிக்கிட்டு வந்து இங்க விட்டிருந்தீங்கன்னா கழுவி, ஆயில மாத்தி ஓட்டியிருக்கலாம்."

"யாரு பண்ணுனா உங்களுக்கென்ன? நான் பண்ணலைல்ல?"

"யாரு பண்ணாலும் கம்பி ஒண்ணுதான் மேடம். பார்த்ததை நான் எழுதினேன், முடிவு கம்பெனியோடது. ஆமா, சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

அப்போதுதான் உறைத்தது. மழைக்கு முன்னால் குடியிருப்பு முழுவதிலும் சாவிகளை வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தவர் சங்கச் செயலாளர் தண்டபாணி. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூக்கை நுழைக்காத இடம் கிடையாது. தன் வண்டியை மட்டும் முதல் நாளே வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்ட மகராசன்.

அவர் வீட்டுக் கதவை அவள் தட்டவில்லை, இடித்தாள்.

"என் வண்டிய நீங்கதான ஸ்டார்ட் பண்ணீங்க?"

"ஆமா. தண்ணி வடிஞ்சதும் வண்டிகளைப் பார்த்தேன். உங்களுது பேட்டரி செத்துக் கெடந்தது. என் வண்டி பேட்டரிலேர்ந்து ஒயர் போட்டு கரண்டு குடுத்து சாவியத் திருப்புனேன். டக்குன்னு ஒரு சத்தம், நின்னுடுச்சு. சரி, மெக்கானிக் பார்த்துக்குவான்னு விட்டேன்."

"உங்கள யாரு சார் தொடச் சொன்னது? எஞ்சினையே கொன்னுட்டு நின்னுடுச்சுங்கறீங்க. சொந்த வண்டின்னா இப்படிக் கை வெப்பீங்களா? சங்கம் கட்டணும். இல்ல, நீங்க கட்டணும்."

தண்டபாணி கோபப்படவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் கைப்பேசியில் சங்கத்து வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, விரலால் மேலே தள்ளித் தள்ளி, அவளிடம் நீட்டினார்.

"தண்ணீர் வடிந்தது. வண்டிகளை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?" என்று அவர் கேட்டிருந்தார். சிலர் வேண்டாம் என்றிருந்தார்கள். அதற்குக் கீழே அவள் பெயர், பி-4 பூரணி.

"பி-4 வண்டியையும் கண்டிப்பா ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார். அவருக்கு டயாலிசிஸ் தவறிடுச்சு, வண்டி உடனே வேணும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஆஸ்பத்திரி வராந்தாவில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வேதாசலத்தின் ஸ்ட்ரெச்சரை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் அவள் தட்டிய செய்தி அது. அன்று யார் யாருக்கு என்னென்ன அனுப்பினாள் என்று அவளுக்கு நினைவே இல்லை. ஆனால் அனுப்பியது அவள்தான்.

"நான் கேட்டா நீங்க செஞ்சுடறதா?" என்றாள். "கரண்டு வேலை பார்த்த மனுஷன். உங்களுக்குத் தெரிய வேணாம்?"

"தெரியலம்மா," என்றார் அவர். "சத்தியமாத் தெரியல."

அவரைத் திட்ட இன்னும் நிறைய இருந்தது. அவளை அவளே திட்டிக்கொள்ள அதைவிட அதிகம் இருந்தது. கைப்பைக்குள் மறுப்புக் கடிதம் விரல்களில் பட்டது. "நானோ, என் அனுமதியோடு வேறு எவருமோ வண்டியை இயக்கவில்லை" என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். அதைக் கசக்கினாள்.

படியிறங்கியவள் பாதியில் நின்றாள்.

"உங்க வண்டி நல்லாத்தான ஓடுது?"

"ஓடுதும்மா."

"நாளைக்குக் காலையில அஞ்சே முக்காலுக்குக் கீழ நிப்பாட்டுங்க. அவரைக் கொண்டுபோகணும்," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "எங்கிட்ட மட்டும் பேசாதீங்க."