ஏழுக்கும் ஏழுக்கும் நடுவே

டாக்டர் சடகோபனின் செய்முறைக் குறிப்பில் தவறு இருக்கலாம் என்று மெல்பேர்னில் யாருக்கும் தோன்றியதில்லை. அவருக்குச் சுத்தமாகத் தோன்றியதில்லை. கும்பகோணத்தில் படித்து, லண்டனில் பட்டம் வாங்கி, 1976-இல் பார்க்வில் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றின் நொதிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் மருத்துவமனைகள் ஒரு நொதியை அளப்பார்கள். அதே நொதியை முயல் தசையிலிருந்து பிரித்து, உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தி, சின்னக் குப்பிகளில் வெளியூர் மருத்துவமனைகளுக்கு அனுப்புவது இவர் திட்டம். அங்கே தண்ணீர் விட்டுக் கரைத்தால் நொதி உயிரோடு இருக்க வேண்டும். இருந்தால்தான் தங்கள் கருவி சரியாக அளக்கிறதா என்று அவர்கள் பார்த்துக்கொள்ள முடியும்.

நொதி செத்துக்கொண்டே வந்தது. உறையவைக்கும் முன் நொதியின் வேலைத்திறன் நூறு என்றால், உலர்த்திக் கரைத்தபின் பதினெட்டு. மூன்று தடவையும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் ஒரு மாத உழைப்பு வீண்.

உலர்த்தியவர் சிறிதரன், யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்துநாலு வயது. மனைவி ரஞ்சினிக்கு ஏழு மாதம். வேலையைக் காட்டித்தான் விசா, வேலை போனால் விசாவும் போகும். இது சடகோபனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான், சிறிதரன் சாம்பிளைப் பனிக்கட்டியில் வைக்காமல் மேசையில் விட்டிருக்கிறார் என்று இயக்குநர் மக்லீனுக்கு எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை என்று முடிவானது.

"நான் வெளியில வைக்கேல்லை, டொக்டர்," என்றார் சிறிதரன். "பி.எச்.சை மாறாம வைக்கிற பஃபரிலதான் பிழை எண்டு நினைக்கிறன். சோடியம் பொஸ்பேற்றை விட்டிட்டுப் பொட்டாசியம் பாவிச்சா என்ன? கட்டி நிக்கப் போடுற மனிற்றோலுக்குப் பதிலாச் சீனி போட்டுப் பாப்பமே. சீனி புரதத்தைக் காப்பாத்தும் எண்டு நினைக்கிறன்."

"சர்க்கரை போட்டா காஞ்ச கட்டி சுருங்கி இழுத்துக்கும், பார்க்கவே சகிக்காது. மானிடால்ல வெள்ளை வெளேர்னு நிக்குதே, பாத்தீங்கல்ல? பஃபர் உறையறதுக்கு முன்னாடியும் பி.எச். ஏழு, கரைச்ச பிறகும் ஏழு. நானே அளந்திருக்கேன். அதுல என்ன குறை?"

சடகோபன் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் நல்லது செய்வதாக நினைத்துக்கொள்கிறார் என்று அர்த்தம்.

"இங்க பாருங்க. தப்பை ஒத்துக்கிட்டு நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க. ராஜினாமான்னு போகும். நான் நல்லதா ஒரு சர்டிஃபிகேட் எழுதித் தர்றேன், வேற லேப்ல கிடைக்கும். டிஸ்மிஸ் ஆனா யார் சேர்த்துப்பா?"

சிறிதரன் ஒன்றே ஒன்று கேட்டார். "நாலாம் முறை நீங்களே உலர்த்தப்போறீங்கள்தானே? அதோட என்ரை ஆறு குப்பியையும் வைப்பீங்களோ? மூண்டு பொட்டாசியம் மட்டும் மாத்தி, மூண்டு பொட்டாசியத்தோட சீனி. முடிவு நல்லா வந்தா நான் ஒண்டையும் ஒத்துக்கொள்ளமாட்டன்."

போனால் போகிறது என்று சடகோபன் சம்மதித்தார்.

புதன்கிழமை காலையில் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தார். நொதி ஒரு நிமிடம்கூடப் பனிக்கட்டியை விட்டு வெளியே வரவில்லை. குப்பிகள் உறைந்ததும் உலர்த்தியில் அடுக்கி, பம்பை ஓடவிட்டு, வெற்றிட மானியின் முள் இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். இரண்டு நாளும் பனிக்கட்டி நேரடியாக ஆவியாகிக் குளிர்ந்த கண்ணாடிப் பொறியில் படிந்துகொண்டிருந்தது.

வெள்ளி காலை எட்டு மணிக்குத் திறந்தார். அவருடைய குப்பிகள் கண்ணைப் பறித்தன, விளம்பரத்துக்குப் படம் எடுக்கலாம். சீனி போட்டவை ஓரத்தில் சுருங்கி, அசிங்கமாக ஒரு பக்கம் ஒட்டியிருந்தன. தனக்குள் ஒரு சிரிப்பு சிரித்துக்கொண்டு தண்ணீர் விட்டுக் கரைத்து, ஒளிமானியில் அளந்து, அதன் வரைதாளில் எண்களைக் குறித்தார்.

அவருடையது பதினாறு. இன்னொரு குப்பி, பதினேழு. சிறிதரனின் பொட்டாசியம் மட்டும் போட்டது ஐம்பத்தைந்து. சீனியும் சேர்த்தது, அந்த அசிங்கம், தொண்ணூற்றிரண்டு.

சடகோபன் உட்கார்ந்துவிட்டார். குறை சொல்ல இந்த முறை வேறு யாரும் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் மனிதனுக்கு வரும் புத்தி அவருக்கும் வந்தது: குப்பி மாறியிருக்குமோ, அளவுக்குழாய் அழுக்கோ, இன்னொரு முறை பார்க்கலாமே.

ஒன்பதரைக்குக் கதவில் சிறிதரன் தலை தெரிந்தது. கோட்டும் டையுமாக வந்திருந்தார். முகம் வெளிறிக்கிடந்தது.

"முடிவு வந்திட்டுதோ, டொக்டர்?"

"இன்னும் முடியல," என்றார் சடகோபன். வரைதாளின் மேல் கை தானாகப் போய் மூடிக்கொண்டது.

"அப்ப... நான் விசாரணைக்குப் போட்டு வாறன்."

போய்விட்டார். கூப்பிட வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சடகோபன் விஞ்ஞானத்தைக் கூப்பிட்டார். முன்னே ஏழு, பின்னே ஏழு, சரி. நடுவே எவ்வளவு? அதை யாருமே அளக்கவில்லை, அவரும் அளக்கவில்லை. உறைந்த பனிக்கட்டிக்குள் பி.எச். மின்முனையைச் சொருக முடியாது. ஆனால் நிறங்காட்டி போடலாம். நடுநிலையில் பச்சை, காரத்தில் நீலம், அமிலத்தில் மஞ்சள் காட்டும் சாயம் அலமாரியிலேயே இருந்தது.

இரண்டு சோதனைக்குழாய் எடுத்தார். ஒன்றில் தன் சோடியம் பஃபர், இன்னொன்றில் சிறிதரனின் பொட்டாசியம். சாயத்தைச் சொட்டினார், இரண்டும் பச்சை. வாளியில் பனிக்கட்டியையும் உப்பையும் கலந்து இரண்டையும் நட்டுவைத்தார். மணி பத்து ஆனது. மாடியில் இயக்குநர் அறைக் கதவு சாத்தும் ஓசை கேட்டது.

பொட்டாசியம் பச்சையாகவே உறைந்தது. சோடியம் ஓரத்திலிருந்து வெளுத்து, பிறகு முழுக்க மஞ்சளாகிவிட்டது. உறையும்போது சோடியம் உப்பில் ஒரு பாதி மட்டும் முந்திக்கொண்டு படிகமாகிப் பிரிந்துபோக, மிச்சம் அமிலமாகி, நொதி அதில் வெந்துகொண்டிருந்திருக்கிறது. மானிடாலும் தான் தனியே படிகமாகி அழகாக நின்றதே தவிர, புரதத்தைத் தாங்கவில்லை. குழாயை உள்ளங்கையில் பிடித்து உருக்கினார். மறுபடி பச்சை. மறுபடி ஏழு.

வரைதாளை உருவிக்கொண்டு ஐம்பத்திரண்டு வயது மனிதர் படி ஏறி ஓடினார். தட்டாமலே கதவைத் திறந்தார்.

மக்லீன் ஒரு காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். சிறிதரன் எதிரே நின்றார்.

"முடிந்துவிட்டது, சடகோபன்," என்றார் மக்லீன் ஆங்கிலத்தில். "நாற்பது நிமிடம் வெளியே விட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டேன்."

"அவர் விடவில்லை. பிழை என் பஃபரில், என் குறிப்பில். இதோ, அவர் சொன்ன மாதிரி உலர்த்தியது தொண்ணூற்றிரண்டு." வரைதாளை மேசையில் விரித்தார்.

மக்லீன் தாளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "அப்படியானால் இவர் ஏன் இப்படி எழுதினார்?"

"நான் எழுதச் சொன்னேன். எழுதினால் நற்சான்று தருவதாகச் சொன்னேன். அதைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். வேண்டுமானால் என் ராஜினாமாவை எழுதித் தருகிறேன்."

மக்லீன் கிழித்தார். சடகோபன் பெருமூச்சு விட்டுச் சிறிதரன் பக்கம் திரும்பினார். ஏதோ ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தார், பாவம். சிறிதரன் மேசைமேல் கிடந்த வரைதாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சடகோபன் எந்த அளவையும் மணி எழுதாமல் விடமாட்டார், அது அவர் ஒழுக்கம். தொண்ணூற்றிரண்டுக்குப் பக்கத்தில் நீல மையில் ஒன்பது பத்து என்று அவர் கையெழுத்து இருந்தது.

"ஒன்பது பத்து," என்று தமிழில் வாசித்தார் சிறிதரன். "நான் ஒன்பதரைக்கு வந்து கேட்டனான், டொக்டர்."

மக்லீனுக்கு விளங்கவில்லை. சடகோபன் நினைத்திருந்தால் அதை அப்படியே விட்டிருக்கலாம்.

"தெரியும்," என்றார். "தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்." பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.